வேலைவாய்ப்பு முகாமில் 30 நொடி: மேசைக்கு முன்னால் எதை, எந்த வரிசையில் சொல்வது?

கேள்வி: "டிப்ளமோ மெக்கானிக்கல், 2023 பாஸ் அவுட். எட்டு மாசம் ஒரு சின்ன சிஎன்சி பட்டறையில வேலை பார்த்தேன், அப்புறம் கேப். மூணு முகாமுக்குப் போயாச்சு. வரிசையில நின்னு மேசைக்குப் போய் செல்ஃப் இன்ட்ரோ ஆரம்பிச்சதுமே, 'சரி, ரெஸ்யூமை வெச்சுட்டுப் போங்க'ன்னு சொல்லிடறாங்க. 30 செகண்டுல என்னதான் பேசறது? இங்கிலீஷ்ல பேசியே ஆகணுமா?"

ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகாம் மேசையில் இருப்பவர் அந்த நிமிடத்தில் உங்களை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதில்லை. அவர் பிரித்து அடுக்குகிறார். கையில் ஒரு தாளோ மடிக்கணினியோ இருக்கும். அதில் என்ன பதவி, என்ன படிப்பு, எந்த வருஷம், அரியர் உண்டா, அனுபவம் எவ்வளவு, ஷிஃப்டுக்கு வருவாரா, போன் நம்பர் என்ன என்று கட்டங்கள் இருக்கும். உங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது அந்தக் கட்டங்களை நிரப்புவதுதான் அவர் வேலை. நீங்கள் பேசப் பேச கட்டம் நிரம்பினால் அவர் நிறுத்தமாட்டார். பத்து நொடி கேட்டும் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை என்றால், "ரெஸ்யூமைப் பார்த்துக்கலாம்" என்று முடித்துவிடுவார். கல்லூரியில் மனப்பாடம் செய்ய வைக்கும் சுய அறிமுகம் பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், பொழுதுபோக்கு, "மை ஸ்ட்ரெங்த் இஸ் ஹார்ட் வொர்க்" என்றுதான் போகும். இதில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை, பெயரைத் தவிர. பெயரும் ரெஸ்யூமின் தலையிலேயே இருக்கிறது.

ஆகவே பேச்சு நன்றாக இருக்கிறதா என்பதைவிட, எந்த வரிசையில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். எந்த நொடியிலும் நிறுத்தப்படுவோம் என்று எண்ணிக்கொண்டே தயார் செய்ய வேண்டும். ஏழாவது நொடியில் நிறுத்தினாலும் அதுவரை சொன்னது தனியாக நிற்க வேண்டும். இருபதாவது நொடியில் நிறுத்தினாலும் அப்படியே. முதல் துண்டில் பதவி, படிப்பு, வருஷம். இரண்டாவது துண்டில் உங்கள் கையால் என்ன செய்யத் தெரியும் என்பது. மூன்றாவதில் எப்போது சேர முடியும், ஷிஃப்ட், கூடவே அவரிடம் ஒரு கேள்வி. நிதானமாகப் பேசினால் 30 நொடிக்குள் தமிழில் ஏறக்குறைய ஐம்பது சொற்கள்தான் அடங்கும். அரங்கத்துச் சத்தத்தில் இன்னும் மெதுவாகப் பேச வேண்டியிருக்கும் என்பதால் ஐம்பதைத் தாண்டாதீர்கள். தாண்டினால் வேகத்தைக் கூட்டுவீர்கள், வேகம் கூடினால் முதலில் விழுங்கப்படுவது எண்களும் பதவிப் பெயரும்தான்.

நீங்கள் சொன்ன விவரத்தையே எடுத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன். அரியர் இல்லை என்றும், பட்டறையில் டர்னிங் மெஷினில் நின்றீர்கள் என்றும் வைத்துக்கொள்கிறேன். "வணக்கம் சார். சிஎன்சி ஆபரேட்டர் போஸ்ட்டுக்கு வந்திருக்கேன். டிப்ளமோ மெக்கானிக்கல், 2023 பாஸ் அவுட், அரியர் இல்ல." இங்கே ஒரு மூச்சு விடுங்கள். "எட்டு மாசம் சிஎன்சி டர்னிங்ல இருந்திருக்கேன், ஃபானுக் கன்ட்ரோல். ஜாப் லோடு பண்ணி, மைக்ரோமீட்டர்ல அளந்து, வேர் ஆஃப்செட் நானே கொடுப்பேன். புரோகிராம் புதுசா எழுதத் தெரியாது, இருக்கறதை எடிட் பண்ணுவேன்." மறுபடி ஒரு மூச்சு. "மூணு ஷிஃப்ட்டும் வருவேன், உடனே ஜாயின் பண்ண முடியும். இது கம்பெனி ரோலா சார், கான்ட்ராக்ட்டா?" அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் ஐம்பதுக்குள் வரும். நீங்கள் நின்ற மெஷினில் வேறு கன்ட்ரோல் இருந்திருந்தால் அதன் பெயரைச் சொல்லுங்கள். பெயரே நினைவில்லை என்றால் விட்டுவிடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

இதில் "புரோகிராம் புதுசா எழுதத் தெரியாது" என்ற வாக்கியத்தைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். தெரியாததை எதற்கு நாமே சொல்ல வேண்டும்? இரண்டு காரணம். ஆபரேட்டர் பதவிக்குப் பெரும்பாலும் புரோகிராம் எழுதும் திறமையைக் கேட்பதில்லை, அதனால் இழப்பு எதுவும் இல்லை. இரண்டாவது, எல்லாம் தெரியும் என்று அடுக்குபவரை மேசையில் இருப்பவர் நம்புவதில்லை. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே ஒரு கோடு போட்டுக் காட்டுபவர் நிஜமாகவே மெஷினில் நின்றவர் என்று தோன்றும். ஆனால் கேட்கும் பதவிக்கு அடிப்படையாக வேண்டியதே உங்களுக்குத் தெரியாது என்றால் இந்த வாக்கியம் உதவாது. அப்போது ட்ரெய்னி என்று பதவியையே மாற்றிக் கேட்பதுதான் சரி.

இரண்டாவது துண்டில் எதை வைக்கிறீர்களோ அதையொட்டித்தான் அடுத்த கேள்வி வரும். உற்பத்தி நிறுவனங்களின் மேசையில் ஹெச்ஆர் பக்கத்திலேயே புரொடக்‌ஷன் ஆள் ஒருவரையும் உட்கார வைப்பதுண்டு. டூல் தேய்வதை ஈடுகட்ட மெஷினில் கொடுக்கும் திருத்தமான வேர் ஆஃப்செட் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் நிமிர்ந்து பார்ப்பார். "டிராயிங்ல வெளி விட்டம் 25 மில்லி. ஜாப் 25.04 வருது. என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கலாம். "திரும்ப ஒரு தடவை அளப்பேன் சார், பர் ஒட்டியிருந்தாலும் அதிகமா காட்டும். டாலரன்ஸைப் பார்த்துட்டு, அந்த டூலோட எக்ஸ் வேர்ல மைனஸ் 0.04 கொடுத்து, அடுத்த ஜாபை அளந்த பிறகுதான் ஓட விடுவேன்" என்பது போதுமான பதில். இங்கே பலர் தடுமாறுவது பாதியாக்குவதில். ஆரம்தானே நகர்கிறது என்று நினைத்து 0.02 என்பார்கள். பெரும்பாலான டர்னிங் மெஷின்களில் எக்ஸ் மதிப்பை விட்டமாகவே கொடுக்கிறோம், அதனால் வித்தியாசம் முழுவதையும் கொடுக்க வேண்டும். உள் விட்டத்திலும் அதே கணக்குதான்: பெரிதாக வந்தால் மைனஸ், சிறிதாக வந்தால் பிளஸ். இன்ஸர்ட் தேயத் தேய வெளி விட்டம் பெருக்கும், போர் சிறுக்கும். இந்த இரண்டு வரியும் வாயில் தயாராக இல்லை என்றால் வேர் ஆஃப்செட்டைப் பேச்சில் எடுக்காதீர்கள். உங்களிடம் கேட்டால் கெட்டியாகப் பதில் வரும் விஷயம் வேறு எதுவாக இருந்தாலும், மைக்ரோமீட்டரின் லீஸ்ட் கவுன்ட் ஆகட்டும், சக் ஜா மாற்றுவதாகட்டும், அதையே அந்த இடத்தில் வையுங்கள்.

கேப் விஷயம். அதை நீங்களாக எடுக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். 2023 என்று சொன்னதுமே அவருக்குக் கணக்கு வந்துவிடும். கேட்டால் ஒரே வாக்கியம்: "ஜூலைல இருந்து பிப்ரவரி வரைக்கும் பட்டறை சார், அங்க ஆர்டர் குறைஞ்சது, அப்புறம் வீட்டு நிலத்தைப் பார்த்துக்கிட்டேன், இப்ப ஃப்ரீயா இருக்கேன்." உங்கள் உண்மை எதுவோ அது. மாதப் பெயர்களோடு சொன்னால் அவர் மேற்கொண்டு தோண்டுவது குறைவு. "சில பர்சனல் ரீசன்ஸ்" என்று மழுப்பினால்தான் அடுத்தடுத்த கேள்வி வரும், உங்கள் 30 நொடி அதிலேயே போய்விடும். பட்டறையில் சான்றிதழ் தரவில்லை என்றால் முதலாளியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பட்டறை அனுபவத்துக்குப் பல இடங்களில் ஒரு போன் விசாரணையே போதும்.

ரெஸ்யூமை எப்போது நீட்டுவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வந்தவுடனே கொடுத்தால் அவர் கண் தாளுக்குப் போய்விடும், நீங்கள் பேசுவது காதில் ஏறாது. கடைசி வரை பிடித்துக்கொண்டே இருந்தால், கொடுங்கள் என்று கை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். பதவிப் பெயரைச் சொல்லும் அந்த நொடியில், எழுத்துகள் அவர் பக்கம் நேராக இருக்கும்படி திருப்பி வையுங்கள். ஃபைலைத் திறந்து சான்றிதழ்களுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்காமல் ஒரு நகல் ஏற்கெனவே கையில் இருக்கட்டும். அதன் வலது மேல் மூலையில் பேனாவால் பெரிதாக மூன்று வரி: பதவியின் பெயர், "டிப். மெக். 2023, சிஎன்சி டர்னிங் 8 மாதம்", போன் நம்பர். மாலையில் முந்நூறு தாள் கொண்ட கட்டைப் புரட்டும்போது நீங்கள் பேசியது யாருக்கும் நினைவிருக்காது, அந்த மூலைதான் பேசும். நிறையப் பேர் அதே மூலையில்தான் தங்கள் குறிப்பையும் கிறுக்குவார்கள். எழுதுவதற்கு வெற்றிடம் விட்டு வையுங்கள்.

இங்கிலீஷைப் பற்றி. ஷாப் ஃப்ளோர் பதவிகளுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. மேசையில் இருப்பவர் எந்த மொழியில் பேசுகிறாரோ அந்த மொழியில் பதில் சொல்லுங்கள். நம் ஊர் முகாம்களில் அது பெரும்பாலும் தொழில் சொற்கள் இங்கிலீஷிலும் மீதி தமிழிலுமாக இருக்கும். அவர் வெளிமாநிலத்துக்காரராக இருந்தால், முதல் துண்டை மட்டும் இங்கிலீஷில் தயார் செய்து வைத்திருங்கள்: "சார், ஃபார் சிஎன்சி ஆபரேட்டர். டிப்ளமோ மெக்கானிக்கல், ட்வென்டி ட்வென்டி த்ரீ, நோ அரியர்ஸ், எய்ட் மன்த்ஸ் ஆன் டர்னிங்." இலக்கணம் குறைந்தாலும் கட்டங்கள் நிரம்பிவிடும். பிபிஓ வாய்ஸ், சேல்ஸ், வங்கிக் கடன் வசூல் மாதிரி வேலைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நீங்கள் சொல்லும் விஷயத்தைவிட, இடையில் நிறுத்தினால் தடுமாறாமல் திரும்பி வருகிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்கள். அந்த 30 நொடியே தேர்வு. அதற்கு மேலே சொன்ன சுருக்கம் போதாது, முழு வாக்கியமாகப் பேசிப் பழக வேண்டும்.

"எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்ல சார்" என்பதை எங்கும் சொல்லாதீர்கள். பணிவு என்று நினைத்துச் சொல்வது அது, ஆனால் உங்களை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவருக்குத் தெரியாமல் போய்விடும். ஒரு மேசையில் மூன்று பதவிகள் இருந்தால் ஒன்றை முதன்மையாகச் சொல்லி, "அது முடிஞ்சிருந்தா குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷனுக்கும் வருவேன்" என்று இரண்டாவதைச் சேர்க்கலாம். என்ன பதவி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வரிசையில் நிற்கிறீர்கள் என்றால் அந்த 30 நொடி வீண். மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாள், நுழைவில் தரும் நிறுவனப் பட்டியல், இவற்றை முதல் அரை மணியில் சுற்றிப் படித்துவிடுங்கள். தமிழக அரசின் தனியார் துறை முகாம்களுக்கு tnprivatejobs.tn.gov.in தளத்தில் வேலை தேடுபவரும் நிறுவனங்களும் பதிவு செய்கிறார்கள். முந்தைய நாளே அதில் போய்ப் பார்த்துவிட்டால் ஐந்தாறு மேசைகளைக் குறித்துக்கொண்டு போகலாம்.

சத்தத்துக்கு எப்படிப் பழகுவது என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடி முன் பேசிப் பார்ப்பது இதற்கு உதவாது. வீட்டில் மிக்சியை ஓட விடுங்கள், இல்லை என்றால் டிவி சத்தத்தைக் கூட்டுங்கள். ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ உட்கார வைத்து, தாளும் பேனாவும் கொடுங்கள். நீங்கள் ஒரே ஒரு முறை பேச வேண்டும். அவர் பதவி, வருஷம், எத்தனை மாத அனுபவம், என்ன மெஷின் என்ற நான்கையும் எழுத வேண்டும். திரும்பக் கேட்கக் கூடாது. நன்றாகப் பேசினேனா என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை, நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். அவர் எழுதியதைப் பாருங்கள். எந்த இடம் தப்பாகவோ காலியாகவோ இருக்கிறதோ அதைத் திருத்துங்கள். வழக்கமாகத் தப்புவது இரண்டு. "செவன்டீன்", "செவன்டி" மாதிரி ஒலிக்கும் எண்கள் சத்தத்தில் ஒன்றாகிவிடும், எண்ணைத் தமிழில் சொன்னால் சரியாகிவிடும். அடுத்தது, முதல் வாக்கியம் வணக்கத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். வணக்கம் சொல்லி அவர் நிமிர்ந்து பார்க்கும் வரை ஒரு நொடி நிறுத்திவிட்டுப் பதவியைச் சொல்லுங்கள். அந்த நிறுத்தம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இனி இந்தப் பேச்சு எதைச் செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனம் "2024, 2025 பாஸ் அவுட் மட்டும்" என்று வரையறை வைத்திருந்தால், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் மேசையில் இருப்பவரால் அதை மீற முடியாது. கணினியில் வருஷத்தை அடித்தாலே வடிகட்டிவிடும். அங்கே கெஞ்சிக்கொண்டிருக்காமல், "அனுபவம் இருக்கறவங்களுக்குத் தனியா ஓப்பனிங் இருக்கா சார்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். உங்கள் எட்டு மாதம் அந்தக் கதவில்தான் செல்லும். காலையில் போவது நல்லதா மாலையில் போவதா என்பதில் எனக்கு உறுதியான பதில் இல்லை. காலையில் இடங்கள் காலியாக இருக்கும், ஆனால் கூட்டம் நெரிக்கும். மதியத்துக்கு மேல் நிதானமாகக் கேட்பார்கள், ஆனால் சில பதவிகள் முடிந்திருக்கும். முதலில் குறித்த இரண்டு மேசைகளைக் காலையிலும் மற்றதைப் பிறகும் பார்ப்பது என் யோசனை, விதி அல்ல. சட்டை நிறம், டை போன்றவற்றுக்கு ஆபரேட்டர் பதவியில் எந்த மதிப்பும் இருப்பதாக நான் பார்த்ததில்லை. சுத்தமாக இருந்தால் போதும்.

நாளிதழ் விளம்பரம் பார்த்து நேராக நிறுவனத்துக்கே போகும் வாக்-இன்னில் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே உங்கள் முதல் 30 நொடி ஹெச்ஆரிடம் நடப்பதில்லை, வாசலில் செக்யூரிட்டியிடமோ ரெஸ்யூம் வாங்கி அடுக்குபவரிடமோ நடக்கிறது. அவரிடம் முதல் துண்டு மட்டும் போதும், விளம்பரத்தில் இருக்கும் பதவிப் பெயரை அட்சரம் பிசகாமல் சொல்லுங்கள். விளம்பரத்தில் "டர்னர்" என்று இருக்க, நீங்கள் சிஎன்சி ஆபரேட்டர் என்றால் வேறு அடுக்கில் போய்விடும். உள்ளே போனபின் நேரம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது துண்டை விரித்துச் சொல்லலாம்.

கடைசியில் வைத்த "கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட்டா" கேள்விக்கு வருகிறேன். அது மரியாதைக் குறைவு இல்லை, பதிலைக் குறித்துக்கொள்ளத்தான் கேட்கிறீர்கள். ட்ரெய்னி என்று எழுதியிருப்பது அப்ரண்டிஸாக இருக்கலாம், மனிதவள ஒப்பந்த நிறுவனம் வழியாக எடுப்பதாகவும் இருக்கலாம். சம்பளத்தை யார் போடுவார்கள், எத்தனை மாதம் என்பது இதைப் பொறுத்தது. பதில் வந்ததும் நன்றி சொல்லிவிட்டு, "அடுத்து போன் எப்ப வரும் சார், எந்த நம்பர்ல இருந்து?" என்று மட்டும் கேட்டு விலகுங்கள். நான்கடி தள்ளி நின்று, நிறுவனம், பதவி, பேசியவர் பெயர், சொன்ன நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து மேசை முடிந்தபின் எது எங்கே என்று நினைவிருக்காது, நான்கு நாள் கழித்து வரும் போனில் "எந்த கம்பெனி சார்?" என்று கேட்டால் அந்த முனையில் சுருதி இறங்கிவிடும். குறித்த நாள் தாண்டியும் அழைப்பு வரவில்லை என்றால் நீங்களே ஒரு முறை கூப்பிடலாம், முதல் துண்டையே திரும்பச் சொல்லி. போனில் யாராவது பதிவுக் கட்டணம், சீருடைப் பணம் என்று கேட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். அரசு முகாம்களுக்குக் கட்டணமே கிடையாது. இன்னொன்று, பலர் இந்தப் பயத்தில்தான் முகாமுக்கே வருவதில்லை: தனியார் வேலையில் சேர்ந்தால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாகாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தங்கள் முகாம் அறிவிப்புகளிலேயே இதைக் குறிப்பிடுகின்றன.